இடையில் படி இல்லாத ஏற்றம்: 160க்கும் 360க்கும் நடுவே தாவிய ஒரு பி.ஆர். இடைவெளி

அந்த அம்மா என் அறைக்கு வந்தபோது பையில் 3 இ.சி.ஜி. தாள்கள் இருந்தன. வயது 43, பனியன் கம்பெனியில் தையல் வேலை. ஒரு தாளின் மேல் மூலையில் பேனாவால் "ஹார்ட் பிளாக், பேஸ்மேக்கர் பற்றிப் பேசவும்" என்று எழுதியிருந்தது. வேறொரு ஊரில், வேறொரு மருத்துவமனையில் எழுதியது. அவர் கேட்ட முதல் கேள்வியும் அதைப் பற்றித்தான்.

"டாக்டர், எனக்குப் படபடன்னு வேகமா அடிக்கறதுதான் தொந்தரவு. அவங்க என்னடான்னா துடிப்பு தடைபடுது, மெசின் வைக்கணும்கறாங்க. வேகமா ஓடற வண்டிக்கு எதுக்குங்க தள்ளிவிட ஆளு?"

இந்த நோயாளியின் கதை முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. அதனால் அவர் சொன்ன அறிகுறிகளிலிருந்து தொடங்குகிறேன்.

11 வருடமாக இந்தப் படபடப்பு வந்துபோகிறது. குனிந்து துணிக்கட்டை எடுக்கும்போது, சில நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, சுவிட்சைப் போட்டதுபோல் சட்டென்று தொடங்கும். 10 நிமிடமோ ஒரு மணி நேரமோ ஓடிவிட்டு, அதேபோல் சட்டென்று நிற்கும். நின்ற பிறகு இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க ஓடவேண்டியிருக்கும். "நெஞ்சை விட கழுத்துலதான் டாக்டர் அதிகமா அடிக்கும், சட்டைக் காலரு ஆடற மாதிரி" என்றார். மனப்பதற்றம் என்று சொல்லி இரண்டு வருடம் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள்.

கழுத்தில் அடிப்பதும் பிறகு சிறுநீர் அதிகம் போவதும் சேர்ந்து வந்தால் மேலறையும் கீழறையும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன என்று எனக்குச் சந்தேகம் வரும். நடுவிலுள்ள வால்வு மூடியிருக்கையில் மேலறை சுருங்கினால் ரத்தம் போக வழியில்லாமல் கழுத்துச் சிரைக்குள் திரும்பி அடிக்கும். மேலறை அப்படி விரிந்து இழுபடும்போது அதிலிருந்து சுரக்கும் ஹார்மோன்தான் சிறுநீரைக் கூட்டுகிறது. மனப்பதற்றத்தில் துடிப்பு ஏறும், இறங்கும், ஆனால் சுவிட்ச் போட்டதுபோல் தொடங்காது, கழுத்தில் இப்படி அடிக்கவும் செய்யாது. பெண்களிடம் இந்த வகைப் படபடப்பு ஆண்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. அவர்களில் பலர் பல வருடம் "டென்ஷன்" என்ற பெயரோடு அலைந்துவிட்டுத்தான் இங்கே வந்து சேர்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

3 தாள்கள்

முதல் தாளில் துடிப்பு நிமிடத்துக்கு 74, பி.ஆர். இடைவெளி 160 மில்லி வினாடி. மேலறை சுருங்கத் தொடங்கும் நொடியிலிருந்து கீழறை சுருங்கத் தொடங்கும்வரை ஆகும் நேரம்தான் பி.ஆர்.; 120 முதல் 200 வரை இயல்பு. இரண்டாவது தாளில் துடிப்பு 98, பி.ஆர். 360. இதைப் பார்த்துத்தான் "முதல் நிலை ஹார்ட் பிளாக்" என்று எழுதியிருக்கிறார்கள். எண்ணை மட்டும் பார்த்தால் அது பிழையில்லை, 200ஐத் தாண்டினால் முதல் நிலை என்றுதான் பெயர். படபடப்புக்குக் கொடுத்திருந்த, மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் கடத்தலை மந்தப்படுத்தும் மெட்டோப்ரொலால் மாத்திரையையும் அன்றே நிறுத்திவிட்டார்கள். பிளாக் என்று நினைத்தபோது அதுவும் நியாயமான முடிவுதான்.

மூன்றாவது தாள் ஒரு நீள ஓட்டப் பதிவு, அறையில் படுக்கவைத்து எடுத்தது. யாரும் அதைக் கவனமாகப் படித்ததாகத் தெரியவில்லை. முதல் 6 துடிப்புகளில் பி.ஆர். 160. பிறகு மேலறையிலிருந்து முந்திக்கொண்டு ஒரு துடிப்பு. அதன் பி.ஆர். 370. அதற்கடுத்து, இதயத்தின் இயல்பான தொடக்க இடத்திலிருந்து வரும் சாதாரண சைனஸ் துடிப்புகளிலும் 360, 360, 360. தாளின் ஓரம்வரை அப்படியே போகிறது.

அளவுகோலை வைத்துக்கொண்டு அந்தத் தாளையே சில நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். 160க்கும் 360க்கும் நடுவில் ஒரு 200 இல்லை, 250 இல்லை, 300 இல்லை. மேலறைத் துடிப்பைக் கீழறைக்குக் கடத்தும் கணு நோயுற்றால் இப்படி நடந்துகொள்ளாது. வயதாலோ மாத்திரையாலோ இதயத்தை மந்தப்படுத்தும் வேகஸ் நரம்பின் அழுத்தத்தாலோ களைத்துப்போகும் கணு மெல்ல மெல்ல மந்தமாகும், 180, 210, 240 என்று ஏறும். ஒரே தாவலில் 200 மில்லி வினாடி கூடினால், துடிப்பு வேறொரு பாதையில் போயிருக்கிறது என்று பொருள்.

கணுவுக்குள் இரண்டு பாதைகள்

மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மின்சாரம் போகாத நார்த் தகடு ஒன்று இருக்கிறது. அதைத் துளைத்துக்கொண்டு போகும் ஒரே இயல்பான வழி ஏ.வி. கணுவும் அதிலிருந்து தொடரும் ஹிஸ் கற்றையும். ஜப்பானியரான சுனாவோ தவாரா ஜெர்மனியின் மார்பூர்க் நகரில் இருந்தபோது இந்தக் கணுவை 1906ல் விவரித்தார். ஹிஸ் கற்றையை வில்ஹெல்ம் ஹிஸ் அதற்கு 13 வருடம் முன்பே கண்டிருந்தார். கணு இருப்பது வலது மேலறையின் தரையில், காக் முக்கோணம் எனப்படும் சின்ன இடத்தில். மூவிதழ் வால்வின் விளிம்பு, டோடாரோ தசைநாண், இதயத் தசையின் ரத்தம் திரும்பி வரும் கரோனரி சைனஸின் வாய் ஆகிய மூன்றும் அதன் பக்கங்கள். உச்சியில் ஹிஸ் கற்றை. முக்கோணம் முழுவதையும் ஒரு விரல்நுனியால் மூடிவிடலாம்.

மற்ற இதயத் தசைகள் சோடியம் ஓட்டத்தால் எழுகின்றன. கணுவின் செல்கள் கால்சியம் ஓட்டத்தால் எழுகின்றன, அது மெதுவானது. ஒரு செல்லுக்கும் அடுத்ததற்கும் இடையிலான இணைப்புகளும் கணுவில் குறைவு. அதனால் இங்கே மின் அலை வினாடிக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. கீழே பர்கின்ஜி இழைகளில் அதே அலை வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மேலறை சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்க இந்தத் தாமதம் அவசியம். கடத்தலில் வரும் கோளாறுகளில் பல இந்த இடத்திலேயே பிறப்பதற்கும் இதே மந்தம்தான் காரணம். மெதுவாக நகரும் அலை எளிதில் அணைந்துபோகும். எளிதில் சுற்றிவந்து தன் வாலையே பிடித்துக்கொள்ளவும் செய்யும்.

பலருடைய கணுவுக்குள் நுழைய இரண்டு வாய்க்கால்கள் உண்டு. முக்கோணத்தின் மேல்பக்கமாக வருவது வேகவழி. கீழே, கரோனரி சைனஸ் வாயின் அருகிலிருந்து வருவது மெதுவழி. இரண்டுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது, மற்றதெல்லாம் அதிலிருந்தே வருகிறது. வேகவழி சீக்கிரம் கடத்தும், ஆனால் ஒருமுறை கடத்திய பிறகு மறுபடி தயாராக அதிக நேரம் எடுக்கும். மெதுவழி தாமதமாகக் கடத்தும், ஆனால் சீக்கிரம் தயாராகிவிடும். தயாராவதற்கான இந்த இடைவேளையை மீளும் நேரம் என்று சொல்கிறேன்.

சாதாரண நாளில் இரண்டிலும் அலை இறங்கும். வேகவழியில் வந்தது முதலில் ஹிஸ் கற்றையை அடையும், மெதுவழியில் வந்தது அதன் பின்னால் வந்து முட்டி அணைந்துவிடும். இ.சி.ஜி.யில் 160 மட்டுமே தெரியும். இப்போது முந்திக்கொண்டு ஒரு துடிப்பு வருகிறது. வேகவழி இன்னும் மீளவில்லை, அங்கே அலை தடைபடுகிறது. மெதுவழி தயாராக இருக்கிறது, அலை அதில் இறங்குகிறது. பி.ஆர். 360 ஆகத் தாவுகிறது. மூன்றாவது தாளின் ஏழாவது துடிப்பில் நடந்தது இதுதான்.

ஆனால் அதற்குப் பிறகு வந்த சாதாரணத் துடிப்புகளிலும் ஏன் 360ஆகவே நின்றது? மெதுவழியில் இறங்கிய அலை கீழ்முனையை அடைந்ததும், அங்கிருந்து வேகவழிக்குள் பின்புறமாக நுழைகிறது. மேலறைவரை போய்ச் சேராமல் நடுவிலேயே அணைந்துவிடுகிறது. அணைந்தாலும் வேகவழியை எழுப்பிவிட்டது, அது மறுபடி மீளத் தொடங்கவேண்டும். அன்று துடிப்பு 98, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சுமார் 610 மில்லி வினாடி. பின்புறமாக எழுப்பப்பட்ட நேரத்தைக் கழித்துப் பார்த்தால், அடுத்த துடிப்பு வந்து சேரும்போது வேகவழிக்குச் சுமார் 330 மில்லி வினாடி ஓய்வுதான் கிடைத்திருக்கும். அது போதாது. மறுபடி தடை, மறுபடி மெதுவழி, மறுபடி பின்புற நுழைவு. துடிப்பு கொஞ்சம் குறைந்தாலோ ஒரு துடிப்பு தவறினாலோ இந்தப் பிடி விட்டுப்போய் 160க்குத் திரும்பிவிடும். இயல்பான 74ல் எடுத்த முதல் தாளில் 160 இருந்ததன் காரணமும் இதுவே.

அந்த அம்மாவின் கேள்விக்கு இங்கே பதில் கிடைத்துவிட்டது. தாளில் தெரிந்த தடை உண்மை, ஆனால் அது கணுவுக்கு வந்த தடை இல்லை, இரண்டு வழிகளில் ஒன்றுக்கு மட்டும், அதுவும் சில நூறு மில்லி வினாடிக்கு வந்த தடை. படபடப்பு பிறப்பதும் அதே தடையிலிருந்துதான். மெதுவழியில் இறங்கிய அலை கீழே திரும்பி வேகவழியில் ஏறும்போது, அது முழுவதும் மீண்டிருந்தால் நடுவில் அணையாமல் மேலறைவரை ஏறிவிடும். ஏறியதும் மறுபடி மெதுவழியில் இறங்கும். சுழல் தொடங்கிவிட்டது. இதற்கு மறுநுழைவு என்று பெயர். ஜார்ஜ் மைன்ஸ் 1913லும் 1914லும் எழுதிய ஆய்வுகளில், விலங்கு இதயத்தின் தசையில் வெட்டிய வளையங்களில் இதைக் காட்டினார். வளையத்தின் ஒரு புள்ளியைத் தூண்டினால் அலை இரண்டு பக்கமும் ஓடி எதிர்ப்புறத்தில் முட்டி அணைந்துவிடும். ஒரு பக்கம் தடைபட்டிருந்தால் மட்டும் மறுபக்க அலை முழு வட்டம் சுற்றி வரும். ஒருபக்கத் தடை இல்லாமல் சுழல் தொடங்க முடியாது. மனிதரின் கணுவுக்குள் இந்த வளையம் உண்மையில் இருக்கிறது என்று டெனிஸும் ரோசனும் சகாக்களும் 1973ல் நோயாளிகளிடமே அளந்து காட்டினார்கள்.

அவசரப் பிரிவில் ஓர் இரவு

இதயத்தின் மின்பாதைகளை உள்ளிருந்தே அளக்கும் மின் ஆய்வுக்கு நாள் குறித்துவிட்டுப் போனவர், அதற்கு முன்பே ஒரு இரவு படபடப்போடு வந்தார். துடிப்பு 180, ரத்த அழுத்தம் மேலே 104, நினைவு தெளிவாக இருந்தது. கீழறை எழுவதைக் காட்டும் கியூ.ஆர்.எஸ். குறுகல், ஒழுங்கு, மேலறை எழுவதைக் காட்டும் பி அலை எங்கும் தெரியவில்லை. ஆனால் மார்பின் வலப்பக்கம் ஒட்டும் வி1 பதிவில் ஒவ்வொரு கியூ.ஆர்.எஸ். முடிவிலும் ஒரு சின்ன நிமிர்ந்த முனை இருந்தது. பையிலிருந்த முதல் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே வி1ல் அந்த முனை இல்லை. அப்படியானால் அது கியூ.ஆர்.எஸ்.ஸின் பகுதி இல்லை, கீழறையோடு சேர்ந்தே சுருங்கும் மேலறையின் பி அலை. படபடப்பில் எடுத்த தாளும் சாதாரண நேரத்துத் தாளும் ஒன்றாக இருந்தால்தான் இதைக் காணமுடியும். பழைய இ.சி.ஜி.யைத் தூக்கிப்போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதும் இதற்காகத்தான்.

முதலில் ஊதச் சொன்னோம். 15 வினாடி ஊதி முடித்தவுடன் படுக்கவைத்து, கால்களை 45 டிகிரிக்குத் தூக்கி இன்னொரு 15 வினாடி வைத்திருப்பது மாற்றிய வால்சால்வா. 2015ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு இயல்பானது, வெறுமனே ஊதியவர்களில் 17 சதவீதம்தான். இவருக்கு இரண்டு முறை செய்தும் நிற்கவில்லை. ஆஸ்துமா இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, முழங்கை மடிப்புச் சிரையில் அடினோசின் 6 மில்லிகிராம் வேகமாகச் செலுத்தி, உடனே 20 மில்லி உப்புநீரைத் தள்ளினோம். இந்த மருந்து ரத்தத்தில் சில வினாடிகளே உயிரோடிருக்கும், மெல்லச் செலுத்தினால் இதயத்தை அடைவதற்குள் தீர்ந்துபோகும். ஓட்டத்தை நிறுத்தாமல் தாளை ஓடவிட்டோம்.

சுமார் 15 வினாடியில் படபடப்பு நின்றது. அதன் பிறகு 4 வினாடி தாளில் பி அலைகள் மட்டும் வந்தன, கியூ.ஆர்.எஸ். இல்லை. "உயிரே போற மாதிரி இருந்துச்சு" என்று அவர் பிறகு சொன்னார். பக்கத்தில் நின்ற இளம் மருத்துவர், "பாருங்க, பிளாக் இருக்கு" என்றார்.

அந்த 4 வினாடி மருந்தின் வேலை. அடினோசின் கணுவின் செல்களைச் சிறிது நேரம் உறங்க வைக்கிறது, எல்லோருக்கும் அப்படித்தான். அதை வைத்துக் கணுவின் நலத்தைக் கணிக்கக்கூடாது. நான் அந்தத் தாளில் தேடியது வேறு. சுழல் நின்ற இடத்தில் கடைசியாகப் பதிவானது எது? கடைசி கியூ.ஆர்.எஸ்.ஸின் முடிவில் அந்தச் சின்ன முனை இருந்தது, அதாவது அலை மேலறைவரை ஏறிவிட்டது. ஏறியது இறங்கவில்லை. அறுந்தது இறங்கும் பாதையில், மெதுவழியில். மருந்து சுழலை முறித்ததும் இன்னொரு தடையால்தான்.

ஆய்வு மேசை

தொடைச் சிரை வழியாக 4 மின்கம்பிகளை ஏற்றினோம். ஹிஸ் கற்றையின் மேல் அமர்ந்த கம்பி பி.ஆர். இடைவெளியைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும். இவருக்கு மேலறைக்குள் 38, கணுவுக்குள் 78, ஹிஸ் கற்றையிலிருந்து கீழறைவரை 44, மொத்தம் 160. கடைசி எண் இயல்பு எல்லையான 35க்கும் 55க்கும் நடுவில் இருந்தது எனக்கு மிகவும் நிம்மதி தந்தது. பேஸ்மேக்கரை உண்மையில் கேட்கும் தடை பெரும்பாலும் கணுவுக்குக் கீழே, அந்தத் துண்டில்தான் ஒளிந்திருக்கும். அங்கே கோளாறு இருந்தால் பி.ஆர். நீளாமலேயே திடீரென்று ஒரு துடிப்பு விழுந்துபோகும், கியூ.ஆர்.எஸ். பெரும்பாலும் அகன்றிருக்கும், கீழிருந்து காப்பாற்ற வரும் மாற்றுத் துடிப்பு மந்தமாகவும் நம்பத்தகாததாகவும் இருக்கும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை.

பிறகு மேலறையை 600 மில்லி வினாடிக்கு ஒருமுறை சீராகத் தூண்டி, 8 துடிப்புக்குப் பின் முந்திய துடிப்பு ஒன்றைக் கொடுத்து, அதை ஒவ்வொரு முறையும் 10 மில்லி வினாடி முன்னால் நகர்த்தினோம். 360ல் கொடுத்தபோது கணு எடுத்துக்கொண்ட நேரம் 140. 350ல் 150. 340ல் 285. 10 மில்லி வினாடி நகர்த்தியதற்கு 50க்கு மேல் கூடினால் பாதை மாறியது என்று எடுத்துக்கொள்கிறோம், இங்கே 135 கூடியது. வேகவழி 340ல் தடைபட்டுவிட்டது. 330 ஓய்வு போதாது என்று இ.சி.ஜி.யை வைத்துப் போட்ட கணக்கு மேசையில் சரியாக வந்தபோது எனக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம்.

320ல் அலை ஒரே ஒருமுறை சுற்றி மேலறைக்குத் திரும்பி ஒரு எதிரொலித் துடிப்பு வந்தது. 310ல் சுழல் பிடித்துக்கொண்டது. "இதேதான் டாக்டர், இதேதான்" என்றார் மேசையில் படுத்திருந்தவர். ஒரு சுற்றுக்கு 340 மில்லி வினாடி, நிமிடத்துக்கு 176. அதில் மெதுவழியில் இறங்க 270, கீழறையை அடைய 44, அதன் பிறகு மேலறை எழ 26. கீழறையும் மேலறையும் 26 மில்லி வினாடி இடைவெளியில் சுருங்குகின்றன, கழுத்தில் அடித்ததன் கணக்கு அது. தனித் துணைப்பாதை ஒன்று கீழறையையும் சுழலில் சேர்த்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் மேலறை எழமுடியாது, அதற்குக் குறைந்தது 70 வேண்டும்.

தொடங்கிய முதல் சில வினாடிகளில் இன்னொன்றும் நடந்தது. மேலறை 176ல் ஓடியது, கீழறை 88ல். ஹிஸ் கற்றையின் குறி ஒவ்வொரு சுற்றிலும் இருந்தது, அதற்குக் கீழே ஒன்றுவிட்டு ஒன்றுதான் போனது. 600ல் நிதானமாகப் போய்க்கொண்டிருந்த கீழ்ப்பாதைக்குத் திடீரென்று 340 வந்தால் பழகச் சில துடிப்பு ஆகும். பிறகு எல்லாமே கீழே போகத் தொடங்கின. பாதித் துடிப்பு கீழறைக்கே போகாதபோதும் சுழல் நிற்காமல் ஓடியதால், கீழறை இந்தச் சுழலின் உறுப்பு இல்லை என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை. சுழலும் இரண்டுக்கு ஒன்று தடையும் ஒரே திரையில், ஒரே நேரத்தில் ஓடுவதை இளம் மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சூடு வைப்பது எங்கே, நிறுத்துவது எப்போது

இரண்டு வழிகளில் ஒன்றை அழித்தால் வளையம் உடையும். ஆரம்பத்தில் வேகவழியை அழித்தார்கள். அது ஹிஸ் கற்றைக்கு மிக அருகில் இருப்பதால் பலருக்கு முழுத் தடை வந்து பேஸ்மேக்கர் வைக்கவேண்டியதாயிற்று. ஜாக்மனும் சகாக்களும் 1992ல் மெதுவழியை அழிக்கும் முறையை வெளியிட்ட பிறகு அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்தது. இன்று நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் இல்லாமல் போய்விடவில்லை.

இந்த நோயாளிக்கு அந்த எண்ணுக்குப் பின்னால் வேறொரு கேள்வி இருந்தது. பையிலிருந்த எல்லாத் தாளிலும் பி.ஆர். 360ஆகவே இருந்திருந்தால்? இவர் வேகவழியில் கீழே இறங்குவதே இல்லை, மெதுவழி ஒன்றை நம்பியே கீழறை துடிக்கிறது என்று ஆகியிருக்கும். அதைச் சூடுவைத்து அழித்தால் கீழறைக்குப் போக வழியே மிஞ்சாது. அப்போது இந்த முடிவை எடுக்கவே மிகவும் யோசித்திருப்பேன், பேஸ்மேக்கர் தேவைப்படலாம் என்று முன்கூட்டியே சொல்லி எழுதி வாங்கியிருப்பேன். 160 இருந்த முதல் தாளும், மேசையில் கண்ட 78ம்தான் எங்களுக்குத் தைரியம் கொடுத்தன.

அழிப்புக் கம்பியின் நுனியை முக்கோணத்தின் அடியில், கரோனரி சைனஸ் வாயின் மட்டத்தில், வால்வு விளிம்பை ஒட்டி வைத்தோம். அங்கே கீழறைக் குறி பெரிதாகவும் மேலறைக் குறி சிறிதாகவும் இருக்கவேண்டும், ஹிஸ் குறி துளியும் தெரியக்கூடாது. 30 வாட்டில் தொடங்கினோம். 15 வினாடியாகியும் எதிர்வினை இல்லை, நிறுத்தி நுனியைச் சற்று மேலே நகர்த்தினோம்.

இரண்டாவது முறை 7 வினாடியில், கணுவை ஒட்டிய இடத்திலிருந்தே எழும் சந்தித் துடிப்புகள் வந்தன. மெதுவழியின் திசு சூடாகும்போது இப்படி எழும், சரியான இடத்தில் இருக்கிறோம் என்பதற்கு அடையாளம். ஆனால் அதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. அந்தத் துடிப்பு ஒவ்வொன்றும் வேகவழியில் பின்புறமாக ஏறி மேலறையை எழுப்பவேண்டும். ஒரே ஒரு சந்தித் துடிப்புக்குப் பின் மேலறை எழவில்லையென்றாலும், சூடு வேகவழியைத் தொட்டுவிட்டது என்று பொருள். 22வது வினாடியில் அப்படி ஒன்று வந்தது. "ஆஃப்" என்று நான் சொல்வதற்கு முன்பே இயந்திரத்தில் இருந்த டெக்னீசியன் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். 10 வருடமாக அவரோடு வேலை செய்கிறேன், அவருடைய கால்தான் பல நோயாளிகளைப் பேஸ்மேக்கரிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

சைனஸ் துடிப்பு திரும்பியபோது பி.ஆர். 210. அறையில் யாரும் பேசவில்லை. ஒரு நிமிடத்தில் 190, மூன்று நிமிடத்தில் 164. இந்த இறக்கத்தில் படிகள் இருந்தன, கவனித்தீர்களா? இது பாதை மாறியதால் வந்த தாவல் இல்லை, வேகவழியே சூட்டில் மந்தமாகி மெல்லத் தேறியது. 20 நிமிடம் காத்திருந்தோம். பிறகு நுனியைக் கீழே, வாயை நோக்கி இறக்கி மூன்றாவது முறை. சந்தித் துடிப்புகள் வந்தன, ஒவ்வொன்றின் பின்னும் மேலறை எழுந்தது, 60 வினாடி முழுவதும் ஓடவிட்டோம்.

மறுபடி தூண்டிப் பார்த்தபோது தாவல் இன்னும் இருந்தது, ஒரே ஒரு எதிரொலித் துடிப்பும் வந்தது. ஐசோப்ரினலின் சொட்டாக ஏற்றி, துடிப்பைக் கூட்டி, அரை மணி நேரம் முயன்றும் சுழல் பிடிக்கவில்லை. அந்த ஒற்றை எதிரொலியையும் ஒழிக்க இன்னொரு சூடு வைக்கலாமா என்று இளம் மருத்துவர் கேட்டார். வேண்டாம் என்றேன். ஒற்றை எதிரொலி மிஞ்சியவர்களுக்குப் படபடப்பு திரும்புவது அரிதே. ஏற்கெனவே ஒருமுறை வேகவழி எச்சரித்துவிட்டது. கம்பிகளை எடுத்துவிட்டோம். மறுநாள் காலை பி.ஆர். 166, மாலை வீட்டுக்குப் போனார்.

மூன்று மாதம் கழித்து

ஒரு நாள் அவருடைய மகள் போனில் பதறினாள். படபடப்பு ஒருமுறைகூட வரவில்லை, ஆனால் உள்ளூரில் போட்ட 24 மணி நேர ஹோல்டர் அறிக்கையில் "இரண்டாம் நிலை ஏ.வி. பிளாக்" என்று அடித்திருக்கிறது. "பொறுமையா இரும்மா, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு" என்றேன்.

விடிகாலை 3.40க்கும் 4.15க்கும் நடுவில் 5 இடங்கள். ஒவ்வொன்றிலும் துடிப்பு 50ஐ ஒட்டி மந்தமாகும்போது பி.ஆர். 180, 220, 250 என்று படிப்படியாக நீண்டு, ஒரு பி அலைக்குக் கியூ.ஆர்.எஸ். வராமல் போய், அடுத்தது 170ல் தொடங்குகிறது. வென்கபாக் 1899ல், இ.சி.ஜி. வருவதற்கு முன்பே, நாடி வரைவை வைத்து விவரித்த அதே ஒழுங்கு. ஆழ்ந்த தூக்கத்தில் வேகஸ் நரம்பு கணுவை அழுத்தும்போது நலமான இதயத்திலும் இது வரும். விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றுகூட இல்லை.

ஆனாலும் நாங்கள் சூடு வைத்த கணு இது, 22வது வினாடியும் என் நினைவில் இருந்தது, போனிலேயே "ஒன்றுமில்லை" என்று சொல்லி வைத்துவிட மனம் வரவில்லை. நேரில் வரச் சொல்லி டிரெட்மில்லில் நடக்கவிட்டேன். கணுவில் உள்ள மந்தம் என்றால் உழைப்பில் தேறும். கீழே, ஹிஸ் கற்றைக்கு அப்பால் உள்ள தடை என்றால் துடிப்பு கூடக்கூட மோசமாகும், 120லோ 130லோ துடிப்புகள் விழத் தொடங்கும். அவர் 9 நிமிடம் நடந்தார். துடிப்பு 152 வரை ஏறியது, எல்லா பி அலைக்கும் கியூ.ஆர்.எஸ். இருந்தது, பி.ஆர். 140 ஆகச் சுருங்கியது. பேனா எழுத்துள்ள அந்தப் பழைய தாளைப் பையிலிருந்து எடுத்து, "இதை இனி வச்சுக்கணுங்களா?" என்று கேட்டார். வைத்துக்கொள்ளச் சொன்னேன். எழுத்துக்குக் கீழே தேதி போட்டு "மெதுவழிக் கடத்தல், அழிப்பு முடிந்தது, இயல்பு பி.ஆர். 166" என்று எழுதிக் கொடுத்தேன்.